'போட்டி ஆட்டம்' என்றால் எந்த ஆட்டம்? ஸ்ட்ரோக் பிளேயும் மேட்ச் பிளேயும்

கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்தில் 'மேட்ச் பிளே' என்பதைப் 'போட்டி ஆட்டம்' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் பரவிவிட்டது. கிளப் அறிவிப்பிலும் அதுதான், விளையாட்டுச் செய்தியிலும் அதுதான். முதல் போட்டியை நடத்தப் போகும் ஒரு கிளப், 'நமது முதல் போட்டி, போட்டி ஆட்ட முறையில் நடைபெறாது' என்று எழுத நேர்ந்தால் உறுப்பினர்கள் என்னதான் புரிந்துகொள்வார்கள்? கோப்பை வைத்து ஆடினால் எல்லாமே போட்டிதான். இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்ட வேண்டிய சொல், இரண்டுக்கும் பொதுவானதையே திருப்பிச் சொல்கிறது.

சொற்பிறப்பு சுருக்கமானது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்', 'அடித்தல்' என்ற வினையோடு பிறந்த சொல். 'மேட்ச்' பழைய ஆங்கிலத்தில் இணை, துணை, சமமானவன் என்று பொருள்பட்டது. 'சமமான இருவர் மோதுவது' என்ற பொருள் பின்னால் வந்தது. அதற்காக 'இணை ஆட்டம்' என்று ஆக்கினால் இருவர் ஓர் அணியாக ஆடுவதாகத் தோன்றும். வேரைத் தோண்டி ஒட்டவைப்பதைவிட, ஆட்டத்தில் எதை எண்ணுகிறோம் என்று பார்த்துப் பெயர் வைப்பது நல்லது.

ஸ்ட்ரோக் பிளேயில் சுற்று முழுக்க எடுத்த ஸ்ட்ரோக்குகளைக் கூட்டுகிறோம். குறைந்த கூட்டுத்தொகை உள்ளவர் வெல்கிறார். மேட்ச் பிளேயில் ஒவ்வொரு குழியும் தனி வழக்கு. அதில் குறைவாக எடுத்தவருக்கு அந்தக் குழி. சமமாக எடுத்தால் யாருக்குமில்லை. எத்தனையில் வென்றார் என்பது கணக்கில் சேராது.

முதல் நான்கு குழிகளை மட்டும் பாருங்கள். முதலாமவர் 4, 5, 4, 9 எடுக்கிறார். இரண்டாமவர் 5, 6, 5, 4. கூட்டினால் 22-க்கு 20. ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டாமவர் இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலை. மேட்ச் பிளேயில் முதலாமவர் மூன்று குழிகளை வென்று ஒன்றை இழந்திருக்கிறார். அவர்தான் இரண்டு குழி முன்னிலை. மணல் பள்ளத்தில் மாட்டி எடுத்த அந்த 9, ஒரு முறையில் சுற்று முழுக்கத் துரத்தும். மற்றதில் அந்தக் குழியோடு முடிந்துவிடும்.

ஆகவே மேட்ச் பிளேக்குக் 'குழிக்கணக்கு ஆட்டம்' என்பதே தெளிவு. இங்கே குழி என்பது கொடி நட்ட துளை மட்டுமல்ல. பந்தை முதலில் அடிக்கும் இடமான டீயில் தொடங்கி, துளையைச் சுற்றிய வழவழப்பான புல்தரையான கிரீன் வரையுள்ள முழுப் பகுதியும்தான்.

ஸ்ட்ரோக்குக்குத்தான் சண்டை. 'அடி ஆட்டம்' என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் கிரீன் ஓரத்தில் நின்று கேட்க வேண்டும். 'இன்னும் நாலு அடி' என்றால் துளைக்கு நாலடி தூரமா, இன்னும் நான்கு முறை அடிக்க வேண்டுமா? அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் விதியையே தவறாகக் கற்பிக்கிறது. பந்தை அடிக்கும் எண்ணத்தோடு மட்டையை முன்னோக்கி வீசினாலே ஸ்ட்ரோக். பந்தில் படாமல் காற்றில் போனாலும் ஒன்று எண்ண வேண்டும். புதியவர்கள் மிகுதியாக விட்டுவிடும் எண்ணிக்கை இதுதான். 'பந்தில் அடியே படவில்லையே' என்பார்கள். 'அடி' என்று சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் கேட்பார்கள். 'வீச்சு' என்றால் இந்த வாதத்துக்கே இடமில்லை. அடிக்கும் எண்ணமில்லாத பயிற்சி வீச்சு எண்ணப்படாது. கீழிறங்கும் மட்டையை வேண்டுமென்றே பந்துக்கு முன்பே நிறுத்திவிட்டாலும் எண்ணப்படாது. கிரிக்கெட்டின் பந்துவீச்சோடு குழம்பும் என்பார்கள். அங்கே வீசுவது பந்து, இங்கே மட்டை. குழம்புகிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை. எனவே ஸ்ட்ரோக் பிளே 'வீச்சுக்கணக்கு ஆட்டம்'. இரண்டு பெயரிலும் கணக்கு இருப்பதால், எதைக் கணக்கிடுகிறோம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

பெயர் தெளிவாக இல்லாவிட்டால் என்ன நடக்கும்? துளைக்கு அரையடியில் பந்து நிற்கிறது. கூட ஆடுபவர் 'போதும், எடுத்துக்கோங்க' என்கிறார். குழிக்கணக்கில் இது முறையான விட்டுக்கொடுத்தல்: அடுத்த வீச்சில் பந்து விழுந்ததாகவே கொள்ளப்படும். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது, வேண்டாமென்று மறுக்கவும் முடியாது. அமெரிக்க, பிரிட்டன் அணிகள் மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில் ஜாக் நிக்லாஸ், டோனி ஜாக்லினின் குறுகிய கடைசி வீச்சை இப்படித்தான் விட்டுக்கொடுத்தார். இரு அணிகளும் 16-16 எனச் சமனில் முடித்தன. வீச்சுக்கணக்கில் அந்தப் பெருந்தன்மைக்கு இடமே இல்லை. அங்கே ஒருவர் தன்னுடன் ஆடுபவரோடு மட்டும் மோதவில்லை, களத்திலுள்ள அத்தனை பேரோடும் மோதுகிறார். மற்றவர்கள் சார்பில் விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. பந்தைத் துளையில் போடாமல் எடுத்துவிட்டு அடுத்த டீயில் ஆடிவிட்டால் தகுதி நீக்கம். அதற்குமுன் நினைவு வந்தால், ஒரு தண்ட வீச்சைச் சேர்த்துக்கொண்டு பந்தை எடுத்த இடத்திலேயே வைத்து ஆடி முடிக்கலாம்.

விதி மீறலுக்கான பொதுத் தண்டமும் மாறுகிறது. குழிக்கணக்கில் அந்தக் குழியை இழக்க வேண்டும். வீச்சுக்கணக்கில் இரண்டு தண்ட வீச்சுகள். இப்படி விதிகளே பிரிவதால், ஒரே சுற்றில் இரண்டு போட்டிகளையும் சேர்த்து நடத்தும் ஆசையை முதல் ஆண்டிலாவது விட்டுவிடுங்கள்.

அப்படியானால் முதல் போட்டிக்கு எது? நாற்பது பேர், ஒரே நாள் என்றால் வீச்சுக்கணக்குதான். குழிக்கணக்கில் தோற்றவர் வெளியேறும் முறை வைத்தால் பதினாறு பேருக்கே நான்கு சுற்றுகள் வேண்டும். ஆனால் வீச்சுக்கணக்கின் உயிர் ஸ்கோர் கார்டில் இருக்கிறது. ஒருவர் கார்டை மற்றவர் எழுத வேண்டும். ஒவ்வொரு குழியும் முடிந்தவுடன் எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். முடிவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. குழிவாரி எண்களுக்குத்தான் ஆட்டக்காரர் பொறுப்பு. ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். தனக்குத் தெரியாத தண்ட வீச்சு விடுபட்டதால் குறைந்திருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். உண்மையைவிட அதிகமாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆம் குழியில் எடுத்தது 3. கார்டில் 4 என்று இருந்தது. பார்க்காமல் கையெழுத்திட்டார். 65 ஆகவேண்டியது 66 ஆகி, பாப் கோல்பியோடு சமனில் நின்று மீண்டும் மோதும் வாய்ப்பு ஒரு வீச்சில் போனது.

குழிக்கணக்கின் முடிவை எழுதும்போது மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். '3-2 என்ற கணக்கில் வென்றார்' என்று செய்தி வரும். படிப்பவர், வென்றவருக்கு மூன்று, தோற்றவருக்கு இரண்டு என்று ஹாக்கி ஆட்டம்போல நினைத்துக்கொள்வார். உண்மையில் அந்த 3 முன்னிலை, 2 மீதமிருக்கும் குழிகள். 18 குழிகளில் 16-ஆம் குழி முடிந்தபோது மூன்று முன்னிலை, மீதி இரண்டே. இனி எட்டிப்பிடிக்க முடியாது, ஆட்டம் அங்கேயே நின்றது. 'இரண்டு குழிகள் மீதமிருக்க, மூன்று குழி முன்னிலையில் வென்றார்' என்று எழுத நாலு சொல் கூடும். கூடட்டும். தலைப்பில் இடமில்லையென்றால் 'மூன்று முன்னிலை, இரண்டு மீதி' போதும். கடைசிக் குழிவரை போய் முடிந்திருந்தால் மீதி என்று ஒன்றில்லை; அப்போது 'ஒரு குழி முன்னிலை' என்று மட்டும் எழுதுங்கள், '1-0' என்று அல்ல.