மைசூர்பா கூடு கூடாக வருவது எப்படி?

மைசூர்பாவுக்கு வேண்டியவை கடலை மாவு, சர்க்கரை, நெய், தண்ணீர் என்று நாலே சாமான். ஆனாலும் வீட்டில் செய்யும்போது ஒரு தடவை கல்லாகிறது, அடுத்த தடவை அல்வாவாகிறது. 'ஒரு கப் மாவு, இரண்டு கப் சர்க்கரை, ஒற்றைக் கம்பிப் பதம்' என்று குறிப்பு எழுதி முடித்துவிடுவார்கள். அதில் எந்த அளவு முக்கியம், எது கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை என்பது இருக்காது. இந்தப் பலகாரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: பாகில் மிச்சமிருக்கும் தண்ணீர், ஊற்றும் நெய்யின் சூடு.

முதலில் செய்முறை. பாகு கொதிக்கத் தொடங்கிவிட்டால் இரண்டு கையும் ஓயாது, நின்று நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்காது. அதனால் அடுப்பருகில் ஒட்டிவைத்து ஓரக்கண்ணால் பார்க்கிற அளவுக்குச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.

சலித்த கடலை மாவு 100 கிராம்
சர்க்கரை 250 கிராம்
தண்ணீர் 125 மி.லி.
நெய் 200 கிராம், வாசமில்லாத எண்ணெய் 100 கிராம், இரண்டையும் கலந்து
15 செ.மீ. சதுரத் தட்டு, விளிம்பு உயரமாக, நெய் தடவி

1. கலந்த நெய்யில் 50 கிராம் எடுத்து இளஞ்சூடாக்கவும். மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்கவும்.
2. மீதி நெய்யைப் பக்கத்து அடுப்பில் சிறு தீயில் வைக்கவும்.
3. அடி கனமான வாணலியில் சர்க்கரை, தண்ணீர். கரைந்ததும் கொதிக்க விடவும்.
4. ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் தீயைக் குறைக்கவும்.
5. மாவுக் கரைசலை ஊற்றவும். விடாமல் கிளறவும்.
6. கெட்டியாகிக் கொதித்ததும் ஒரு கரண்டி சூடான நெய். நுரைக்கும். கிளறவும்.
7. நெய் உள்ளே போனதும் அடுத்த கரண்டி. மொத்தம் ஐந்து.
8. நுரைத்துப் பூத்து, ஓரம் விட்டு, நெய் கக்கினால் உடனே தட்டில் கொட்டவும். தடவிச் சமப்படுத்த வேண்டாம்.
9. ஐந்து நிமிடத்தில் கத்தியால் கோடு. ஆறியபின் துண்டு.

அளவைக் கிராமில் கொடுத்ததற்குக் காரணம் கடலை மாவு. சலித்துத் தூவி நிரப்பிய கப்புக்கும் அமுக்கி நிரப்பிய கப்புக்கும் 20, 30 கிராம் வரை வித்தியாசம் வரும். சர்க்கரை கப்பில் அவ்வளவு ஏமாற்றாது. தண்ணீரோ, சொன்னால் விசித்திரமாக இருக்கும், எவ்வளவு ஊற்றினாலும் சரிதான்.

அது எப்படி? சர்க்கரை கலந்த தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சர்க்கரை அடர்த்தியாக ஆக, கொதிநிலை ஏறும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, சர்க்கரை அப்படியே இருக்கிறது, அதனால் பாகின் சூடும் படிப்படியாக ஏறுகிறது. ஒற்றைக் கம்பி என்று நாம் சொல்வது ஏறக்குறைய 106 டிகிரியை ஒட்டிய நிலை. அப்போது பாகில் முக்கால் பங்கு சர்க்கரை, கால் பங்கு தண்ணீர். விரலிடையில் கம்பி இழுபடுவது இந்த அடர்த்தியால்தான். இதைவிட நீர்த்திருந்தால் துளி அறுந்துவிடும்.

நம் கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். 250 கிராம் சர்க்கரை முக்கால் பங்கு என்றால் மொத்தப் பாகு 333 கிராம், அதில் தண்ணீர் 83 கிராம். நாம் ஊற்றியது 125. ஆக, வெளியேற வேண்டியது 42 கிராம், ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் தொடங்கினாலும் பாகு கடைசியில் அதே 333 கிராமில்தான் வந்து நிற்கும். கொதிக்கிற நேரம்தான் கூடும். ஆகவே 'தண்ணீர் அரை கப்' என்ற அளவு, சர்க்கரை கரையவும் சீக்கிரம் முடியவும் மட்டுமே.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் காலி வாணலியை முதலில் எடைபோட்டு வையுங்கள். பாகு கொதிக்கும்போது ஒரு தடவை இறக்கித் தராசில் வையுங்கள் (தராசுத் தட்டு உருகாமல் இருக்க நடுவே ஒரு பலகை, அதன் எடையையும் கழித்துக்கொண்டு). வாணலி போக 333 கிராம் வந்தால் பதம் வந்துவிட்டது. விரலில் ஒட்டிப் பார்க்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும், தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. விரலால்தான் பார்ப்பேன் என்றால், துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, சில நொடி பொறுத்துத் தொடுங்கள்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊட்டியில் வெறும் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அங்கே 106 வரும்வரை காத்திருந்தால் பாகு கம்பிப் பதத்தை எப்போதோ தாண்டியிருக்கும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டை அளந்துகொண்டு, அதோடு ஆறு டிகிரி சேர்த்துக்கொள்ள வேண்டும். தராசுக்கும் விரலுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

சரி, பதம் தாண்டினால் என்ன ஆகும்? அறைச் சூட்டில் 83 கிராம் தண்ணீரால் சுமார் 170 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். நம் பாகில் இருப்பது 250. சூட்டின் தயவில்தான் மிச்சம் கரைந்து நிற்கிறது. ஆறினாலோ தண்ணீர் இன்னும் குறைந்தாலோ அது படிகமாக வெளியே வரத் துடிக்கும், கிளறினால் இன்னும் வேகமாக. கடைசியில் நமக்கு வேண்டியதும் அந்தப் படிகம்தான், மைசூர்பா விறைப்பாக நிற்பது அதனால்தான். ஆனால் அது மாவு வெந்த பிறகு, மாவையும் நெய்யையும் சுற்றிப் பொடிப்பொடியாக வர வேண்டும். பாகு முற்றிப்போனால் மாவு சேர்ந்த உடனேயே சர்க்கரை பூத்துவிடும், மாவின் மாச்சத்துக்கு உறிஞ்ச நீரும் இருக்காது. கிடைப்பது பச்சை மாவு வாசனையோடு மணல் மணலான ஒன்று. மாவைப் போட்டவுடன் வாணலி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்தால் அதுதான் அறிகுறி. அந்த இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மாவை நெய்யில் கரைத்து ஊற்றச் சொன்னதும் தண்ணீர் விஷயம்தான். உலர்ந்த மாவைப் பாகில் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து பசையாகி, உள்ளே ஈரம் போகாமல் அடைத்துவிடும். கட்டி விழுவது அப்படித்தான். ஒவ்வொரு துகளையும் நெய் பூசிப் பிரித்து வைத்தால் பாகு மெதுவாக, எல்லாத் துகளுக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

அப்புறம்தான் கூடு உண்டாகிற கட்டம். கலவை கொதிக்கும்போது அதன் சூடு 110ஐ ஒட்டி இருக்கும், நெய் 175 டிகிரியில் காத்திருக்கிறது. ஒரு கரண்டி, சுமார் 50 கிராம் நெய் உள்ளே விழுந்ததும் தன் சூட்டைக் கலவைக்குக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. அந்த வெப்பம் முழுவதும் தண்ணீருக்கே போனாலும் ஆவியாவது மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவுதான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் நீராவியானால் 1.7 லிட்டர் இடம் கேட்கும். ஆக, ஒரு கரண்டி நெய்யில் நான்கரை லிட்டருக்கும் மேல் நீராவி, சில நொடிகளில். பூரி உப்புவதும் நீராவியால்தான், அங்கே ஒரே ஒரு பெரிய குமிழி, இங்கே எண்ணற்ற சின்னக் குமிழிகள். பெரும்பங்கு மேலே பறந்துவிடுகிறது. கொஞ்சம் மட்டும் மாவுப் பசையில் சிக்கி நுரையாகிறது. கடலை மாவில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருப்பதால் குமிழியின் சுவர் கிழியாமல் நீள்கிறது.

நெய்யின் சூடு போதுமா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள். சடசடவென்று பொரிந்து உடனே மேலே வர வேண்டும். புகையக் கூடாது. ஆறின நெய்யை ஊற்றினால் அது கலவையின் சூட்டைக் குறைத்துவிடும், நீராவியும் வராது. அப்படிச் செய்தால் ருசி கெடாது, ஆனால் கூடு இல்லாத, வழுவழுப்பான மைசூர்பாதான் வரும். கடைகளில் வாயில் வைத்ததும் கரைகிற நெய் மைசூர்பா விற்கிறார்களே, அது வேறு வழி: மாவை நெய்யில் வறுத்து, நெய்யை நிறைய விட்டு, தண்ணீர் முழுக்க வற்றும் முன்பே இறக்கிவிடுவது. எனக்கு என்னவோ கூடுள்ளதுதான் மைசூர்பா.

நிறுத்தும் நேரம் இந்த வேலையிலேயே கடினமானது. அதைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. முதல் இரண்டு கரண்டி நெய் உடனே உள்ளே போய்விடும். மூன்றாவதிலிருந்து கலவை வெளுத்து, கிளறும்போது நூல் நூலாகப் பிரிந்து தெரியும். ஐந்தாவதில் மொத்தமும் பொங்கி வாணலியை விட்டு நகரும், வறுத்த கடலை வாசனை தூக்கும், ஓரத்தில் நெய் திரும்ப வெளியே வரும். தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனி நெய்யைப் பிடித்து வைக்க ஆளில்லை என்பதுதான் அதன் பொருள். இதற்கு முன்பே இறக்கினால் அல்வா மாதிரி பல்லில் ஒட்டும். அரை நிமிடம் தாமதித்தால் குமிழிச் சுவர்கள் வாணலியிலேயே இறுகி, கொட்டும்போது உடைந்து பொடியாகும்.

தட்டில் கொட்டியதும் மேலே தடவக் கூடாது என்றது, அழுத்தினால் குமிழிகள் அமுங்கிவிடும் என்பதால். உயரமான விளிம்பு கேட்டது இன்னொரு காரணத்துக்காக. ஓரங்கள் சீக்கிரம் ஆறிவிடும், நடுப்பகுதி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தொடர்ந்து வறுபடும். புரதமும் சர்க்கரையும் அந்தச் சூட்டில் வினைபுரிந்து செம்பழுப்பாகும். வெட்டிய துண்டில் மேலும் கீழும் மஞ்சள், நடுவில் பழுப்புப் பட்டை தெரிவது இதனால்தான். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் அந்தப் பட்டை வராது.

கோடு போட்டபின் தட்டை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள், உபரி நெய் வழிந்து தங்கும். அதை வடித்துச் சப்பாத்திக்குத் தடவிக்கொள்ளலாம். டப்பாவில் போடுவது நன்றாக ஆறின பிறகுதான், ஒரு மணி நேரமாவது ஆகும். சூட்டோடு மூடினால் உள்ளே மிச்சமிருக்கும் நீராவி மூடியில் குளிர்ந்து சொட்டி, சர்க்கரைச் சுவர்களைக் கரைத்து, மறுநாள் காலையில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும்.