வெள்ளைக்கல் சூளைக்கு வரியா, சீட்டா?

சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்தான் மேக்னசைட். சுத்தமான கல் 84 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும்; மிஞ்சுவது 40 கிலோ மக்னீசியா. எரிக்கும் எண்ணெயின் புகை தனி.

இந்தப் புகைக்குக் காசு வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, டன்னுக்கு இவ்வளவு என்று கார்பன் வரி. இன்னொன்று, மொத்தம் இத்தனை டன்தான் என்று முடிவுசெய்து, டன்னுக்கு ஒரு சீட்டு கொடுத்து, சூளைக்காரர்களே தங்களுக்குள் வாங்கி விற்கட்டும் என்று விடுவது.

கணக்குக்காக இரண்டு சூளைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆளுக்கு 1,000 டன் விடுகின்றன. மொத்தத்தில் 400 டன் குறைய வேண்டும். முதல் சூளை பழையது, வெப்பம் வீணாகிறது. அதைச் சரிசெய்தால் டன்னுக்கு 600 ரூபாய் செலவில் 400 டன்னையும் குறைத்துவிடும். இரண்டாவது ஏற்கெனவே நல்ல சூளை. அதில் ஒரு டன் குறைக்க 1,800 ரூபாய் ஆகும். ஆளுக்கு 200 டன் என்று உத்தரவு போட்டால் மொத்தச் செலவு 4.8 லட்சம். முதல் சூளையே முழுதும் குறைத்தால் 2.4 லட்சம்தான்.

வரி 1,000 ரூபாய் என்றால் முதல் சூளை தானாகவே குறைக்கும், இரண்டாவது வரியைக் கட்டிவிடும். ஆளுக்கு 800 சீட்டு கொடுத்தாலும் அதேதான் நடக்கும்: 600 டன் மட்டும் விடும் முதல் சூளை மிச்சமுள்ள 200 சீட்டை இரண்டாவதுக்கு விற்கும்.

சரி, அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? நாம் போட்ட மதிப்பு தப்பும்போது. முதல் சூளையின் உண்மையான செலவு 600 இல்லை, 1,200 என்று வையுங்கள். 1,000 ரூபாய் வரியில் யாரும் குறைக்க மாட்டார்கள். 2,000 டன்னும் அப்படியே போகும். சீட்டு முறையிலோ 400 டன் குறைந்தே தீரும், சீட்டின் விலைதான் 1,200க்கு மேல் ஏறும்.

சீட்டும் சறுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய சந்தையில், 2006 ஏப்ரலில் உண்மைக் கணக்கு வந்தபோது புகையைவிடச் சீட்டு அதிகம் என்று தெரிந்தது. 30 யூரோவை எட்டியிருந்த விலை சில நாட்களில் பாதியானது. அந்தச் சீட்டை 2008க்கு எடுத்துப்போக முடியாது என்பதால் 2007இல் கிட்டத்தட்ட பூஜ்யம். சீட்டு முறைக்கு அடிவிலை ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இந்தியா 2023இல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டத்தில் மொத்த வரம்பு இல்லை. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு புகை என்பதே இலக்கு. உற்பத்தி கூடினால் புகையும் கூடலாம். வெள்ளைக்கல்லுக்கு இப்படி இலக்கு வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும். எந்த எரிபொருளுக்கு மாறினாலும் ஒரு டன் மக்னீசியாவுக்கு 1.1 டன் வாயு கல்லிலிருந்தே வரும். வாயுவைப் பிடித்து வைக்காமல் அதற்குக் கீழே எந்தச் சூளையாலும் இறங்க முடியாது.