ஏடிஎம்மில் க்யூஆர் ஸ்கேன் செய்தோம், கணக்கில் பணம் போச்சு, கையில் வரலை: என்ன செய்வது?

கார்டு இல்லாமல், போனில் ஸ்கேன் செய்து ஏடிஎம்மில் பணம் எடுக்க 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் வழி திறந்துவிட்டது. ஆனால் இந்த வசதியைத் 'தரலாம்' என்றுதான் சொன்னது, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் ஒரே தெருவில் ஒரு மெஷினில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

திரையில் UPI Cash Withdrawal அல்லது ICCW என்று இருந்தால் வேறு வங்கிக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். வெறும் Cardless Cash என்று இருந்தால் கவனம். அது பெரும்பாலும் அந்த வங்கியின் சொந்த ஆப்பில் மட்டும் நடக்கிற பழைய ஏற்பாடு. மற்ற வங்கிக்காரர்கள் அதை அழுத்தி நிற்பதில் பயனில்லை.

தொகையை மெஷினில் தேர்ந்தெடுத்த பிறகுதான் திரையில் க்யூஆர் வரும். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும், சில நொடிகளில் காலாவதியாகிவிடும். ஆகவே யுபிஐ ஆப்பைத் திறந்து, ஸ்கேனரைத் தயாராக வைத்துக்கொண்டு தொகையைத் தொடுங்கள். ஸ்கேன் செய்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, யுபிஐ பின்னைப் போனில் போட வேண்டும். சில மெஷின்களில் அதற்குப் பிறகு திரையில் இன்னொரு தடவை உறுதிசெய்ய வேண்டும். அதை அழுத்தாமல் நின்றால் பணம் வராது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கர் க்யூஆரையோ, யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் க்யூஆரையோ ஸ்கேன் செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் கழியும், அது வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

இது யுபிஐ என்பதால் இலவசம் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. கார்டு போட்டு எடுப்பதற்கு உள்ள மாத இலவசக் கணக்கில்தான் இதுவும் சேரும். வேறு வங்கி மெஷின் என்றால் சென்னை போன்ற மெட்ரோவில் 3, மற்ற ஊர்களில் 5. அதைத் தாண்டினால் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரையும் அதற்கு மேல் வரியும் பிடிக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். ஏடிஎம் அறைக்குள் சிக்னல் மந்தமாக இருக்கும். போனில் பின் போட்டு முடிப்பதற்குள் மெஷின் சலித்துப்போய் முகப்புத் திரைக்குத் திரும்பிவிடும். கணக்கில் கழிந்தது என்று எஸ்எம்எஸ் வரும். உடனே மறுபடி முயலாதீர்கள், இரண்டு தொகையும் மாட்டிக்கொள்ளும். மெஷின் பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். தாமதமாக நோட்டு வந்தால் பின்னால் நிற்பவருக்குப் போய்விடும்.

பிறகு அலைச்சல் ஆரம்பிக்கும். உங்கள் கிளையில் "யுபிஐ பிரச்சினை, ஆப்பில் கேளுங்க" என்பார்கள். ஆப்பில் "உங்க வங்கியைக் கேளுங்க" என்று வரும். மெஷின் வைத்திருக்கும் வங்கிக்குப் போனால் "உங்க கணக்கு இங்க இல்லையே" என்பார்கள். மூன்றையும் நம்ப வேண்டாம். இங்கே யுபிஐ உங்களை அடையாளம் காண மட்டுமே. பணம் கைமாறுவது ஏடிஎம் நெட்வொர்க் வழியாக. ஆகவே பொறுப்பு உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்குத்தான், விதியும் ஏடிஎம் விதிதான்: பணம் எடுத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தொகை திரும்பி வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

3ஆம் தேதி 5,000 ரூபாய் கழிந்தது என்று வையுங்கள். கெடு 8ஆம் தேதி. ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பணம் 15ஆம் தேதி வந்தால் 7 நாள் தாமதம், உங்களுக்கு 5,700 வர வேண்டும். இழப்பீட்டை நீங்கள் கேட்காமலேயே போட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் 5,000 மட்டும் வந்து நிற்கும். கேட்டு வாங்குங்கள்.

புகாரைக் கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வங்கியின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ 'ஏடிஎம்மில் பணம் வரவில்லை' என்ற பிரிவில் பதியுங்கள். யுபிஐ பிரிவில் போட்டால் வேறு மேசைக்குப் போய் அங்கேயே கிடக்கும். ஆப்பில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், மெஷினில் எழுதியிருக்கும் ஏடிஎம் எண், நேரம், தொகை நான்கும் வேண்டும். புகார் எண் இல்லாமல் விடாதீர்கள். "சக்சஸ்னு காட்டுது, பணம் கொடுத்தாச்சு" என்று மூடினால், மெஷினின் பதிவேட்டையும் அன்றைய பண இருப்பு சரிபார்ப்பையும் பார்த்துப் பதில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சிசிடிவி பதிவையும் அப்போதே கேட்டுவிடுங்கள், நாள் போனால் அழிந்துவிடும்.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லாமல் புகார் போடலாம். விவரம் கேட்க 14448. வங்கியிடம் முதலில் புகார் கொடுத்த ஆதாரம் இல்லையென்றால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.