அகலமும் உயரமும் தெரிந்தால் ஒரு கல் ஆர்ச்

ஒரு கல் ஆர்ச்சைக் கணினியில் வரைய முதலில் இரண்டு அளவுகள் போதும். ஒன்று, வாசலின் அகலம். மற்றொன்று, வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி வரை உள்ள உயரம். அகலம் s, உயரம் h என்றால் வளைவின் ஆரம் இதுதான்:

```
R = (s²/4 + h²) / (2h)
```

3 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று எடுத்துக்கொள்வோம். 2.25-உடன் 1-ஐக் கூட்டி 2-ஆல் வகுத்தால் 1.625 மீட்டர். உச்சியிலிருந்து அவ்வளவு கீழே வட்டத்தின் மையம் இருக்கிறது. அதாவது, வளைவு தொடங்கும் மட்டத்துக்கும் 62.5 செ.மீ. கீழே.

பலரும் தவறுவது இங்கேதான். மையத்தை அடிக்கோட்டின் நடுவிலேயே வைத்துவிடுகிறார்கள். அது அரைவட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு மூட்டும் உண்மையான மையத்தை நோக்க வேண்டும். அந்த மையத்தில் ஆணி அடித்து நூல் பிடித்தால் எல்லா மூட்டும் அந்த நூலோடு ஒட்டிப்போகும். தவறைக் கண்டுபிடிப்பது எளிது: முதல் கல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நம் ஆர்ச்சில் அது கிடைமட்டத்திலிருந்து சுமார் 22.6 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தட்டையாகப் படுத்திருந்தால் மையம் தவறு. ஆர்ச் சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது; அந்தச் சாய்வுதான் தள்ளலை நேராக வாங்கிக்கொள்கிறது.

சீனாவில் சுமார் 605-இல் லீ சுன் கட்டி முடித்த சாவோசோ கல் பாலத்தின் வளைவு ஏறக்குறைய 37 மீட்டர் அகலம், 7 மீட்டர் சொச்சம் உயரம். சூத்திரத்தில் போட்டால் ஆரம் 27 மீட்டருக்கு மேல் வருகிறது. மையம் தண்ணீருக்கும் கீழே எங்கோ ஆழத்தில்!

சரி, இனி கற்கள். நம் வளைவு மையத்தில் 134.76 பாகையை அடைக்கிறது. 15 கற்கள் என்றால் ஒன்றுக்கு 8.984 பாகை. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் உச்சியில் ஒரு கல் நடுவாக உட்காரும். கல்லின் தடிமன் 30 செ.மீ. என்றால் உள்பக்க அகலம் 25.5 செ.மீ., வெளிப்பக்க அகலம் 30.2 செ.மீ. இப்படி ஓர் ஆப்புக்கல்லை மட்டும் வரைந்து, மையத்தைச் சுற்றி 8.984 பாகைக்கு ஒன்றாகச் சுழற்றி நகலெடுத்தால் போதும். சாந்துக்கு 5 மி.மீ. வேண்டுமென்றால் கோணத்தைக் குறைக்காதீர்கள், இரு பக்கமும் 2.5 மி.மீ. சீவுங்கள். கோணத்தைக் குறைத்தால் சாந்து வெளிப்பக்கம் தடித்துவிடும்.

உச்சியில் உள்ள பூட்டுக்கல்லும் அதே ஆப்புதான். மற்ற கற்களைவிட அது அதிகம் தாங்குவதில்லை. எந்தக் கல்லை எடுத்தாலும் ஆர்ச் விழும். அதைக் கடைசியாக வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவரை எடையைச் சுமப்பது கீழே உள்ள சென்ட்ரிங்.

ஆனால் வடிவம் சரியாக வந்துவிட்டதால் ஆர்ச் நின்றுவிடாது. 1675-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் வெளியிட்ட கருத்திலிருந்து பிறந்த வழி இது: ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, கற்களின் எடை விகிதத்தில் அதில் எடைகளைக் கோத்து, அந்த வடிவத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அந்தக் கோடு 30 செ.மீ. தடிமனுக்குள்ளேயே முழுவதும் ஓடினால் ஆர்ச் நிற்கும். எப்படித் தொங்கவிட்டாலும் அது ஓரிடத்தில் வெளியே போய்விட்டால், அங்கே எதிர்ப்பக்க மூட்டு வாய் திறக்கும்.