தொண்ணூறாம் நாளும் 1,150 ரூபாவும்

கோப்பாய்ப் பக்கம் சீமெந்துக் கல் அரியும் பட்டறை வைத்திருக்கும் ஐயா ஒருவர், மார்ச் மாதக் கடைசியில் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்தார். மாரி மழையில் அரிந்த கல் காயவில்லை, வீட்டு வேலைகளும் நின்றுவிட்டன. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மூன்று தவணை கட்டவில்லை. தவணை 24,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கட்ட வேண்டும். அன்று, 28ஆம் திகதி, ஒரு தவணைக் காசைக் கட்டிவிட்டு என் மேசைக்கு வந்து, "ஒண்டு கட்டியிட்டன் பிள்ளை, இனிப் பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டார்.

கணினியில் பார்த்தேன். பிரச்சினை அப்படியே இருந்தது.

கடன் பிரிவில் இருக்கும் எங்களுக்கு இது பழகிய விசயம். ஆனால் கடன் எடுத்தவர்களில் பலருக்கு இது தெரியாது. இத்தனை தவணை தவறியது என்று வங்கி எண்ணுவதில்லை. முழுமையாகத் தீராமல் கிடக்கும் மிகப் பழைய தவணையின் திகதியிலிருந்து நாட்களை எண்ணுகிறது. ஐயாவின் பழைய தவணை ஜனவரி 5. அதிலிருந்து ஏப்ரல் 5 வந்தால் 90 நாள். அதைத் தாண்டினால் அது செயற்படாக் கடன், அதாவது வாராக்கடன்.

அவர் கட்டிய 24,000 ஜனவரித் தவணையைத் தீர்த்திருந்தால், எண்ணிக்கை பெப்ரவரி 5இலிருந்து தொடங்கி அன்றைக்கு 51 நாளாகக் குறைந்திருக்கும். ஆனால் அவருடைய ஒப்பந்தப்படி கட்டுகிற காசிலிருந்து தண்ட வட்டிதான் முதலில் கழியும். தண்ட வட்டிக்கு 1,150 ரூபா போக, ஜனவரித் தவணையில் அதே அளவு மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தால் நாட்கள் ஜனவரியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன.

அதனால் காசு கட்டப் போகும்போது, "எந்தத் திகதித் தவணை முழுசாகத் தீர்ந்தது? இப்ப எத்தனை நாள் பிந்தியிருக்கு?" என்ற இரண்டையும் கேளுங்கள். பற்றுச்சீட்டில் இவை இரண்டும் பெரும்பாலும் இருக்காது.

ஐயா மிச்சத்தை ஏப்ரல் 3ஆம் திகதி கட்டினார். ஆனால் அதோடு விட்டிருந்தால் பெப்ரவரித் தவணை மே மாதத்தில் அதே இடத்துக்கு வந்திருக்கும். ஆகவே அன்றைக்கே முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். இரக்கம் கேட்கிற கடிதமாக அது இருக்கக்கூடாது. மழையால் எத்தனை மாதம் வருமானம் நின்றது, இப்போது கையில் என்ன வேலை இருக்கிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேலை தந்த மேசன்மாரின் கையெழுத்துத் துண்டுகளையும் அவர் இணைத்தார்.

நிலுவை எல்லாம் சேர்த்து 6,80,000 ரூபா, வட்டி ஆண்டுக்கு 15 வீதம். புதிய ஏற்பாட்டில் முதல் மூன்று மாதம் வட்டி மட்டும், மாதம் 8,500. அதன்பிறகு 48 மாதம், தவணை சுமார் 18,900. பழைய கணக்கில் இன்னும் 35 மாதம் அளவில் முடிந்திருக்கும். இந்த நீடிப்பால் அவர் கூடுதலாகக் கட்டப்போகும் வட்டி சுமார் 89,000 ரூபா. இதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். 24,000 கட்ட முடிந்தவருக்கு இந்த ஏற்பாடு நட்டம்தான். முடியாதவருக்கு, பட்டறை ஓட இதுவே வழி.

இந்த ஏற்பாட்டை 90 நாளுக்கு முன் கேட்பதற்கும் பின் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னால் என்றால் பெரும்பாலும் கிளையிலேயே பேசித் தீர்க்கலாம். தாண்டினால் கோப்பு அறவீட்டுப் பிரிவுக்குப் போகும், உங்கள் முகம் தெரியாதவர்கள் அதைப் பார்ப்பார்கள். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் பதியும். எல்லோரும் 'கிரிப்' என்று சொல்வது அதைத்தான். அப்புறம் கோரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. அதில் எதிர்வாதம் செய்யவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும்.

நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் காசு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டுங்கள். தெரியாவிட்டால் வேண்டாம், கடன் இரண்டாகும். வார வட்டிக்கு வாங்கிக் கட்டுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். உபரி இயந்திரமோ வாகனமோ இருந்தால், வங்கிக்கு ஈடாக வைத்ததென்றால் வங்கியின் சம்மதத்தோடு, நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தில் போகிற விலையைவிடப் பெரும்பாலும் கூட வரும்.

அன்றைக்கு ஐயா புறப்படும்போது, பிணை நின்ற மைத்துனருக்கு இதைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. கோரிக்கைக் கடிதம் பிணையாளியின் வீட்டுக்கும் போகும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. வாசலில் நின்றபடியே கைபேசியை எடுத்தார்.