11ஆம் தேதி தவறும்போது

எங்கள் கணக்கு அலுவலகத்தில் 11ஆம் தேதிதான் மாதத்தின் கெடு. முந்தைய மாத விற்பனையை அன்றைக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு போகாது. சரக்கு வாங்கியவருக்காக 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்த பில்கள் வராது. அவருக்கு உள்ளீட்டு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும்.

18 கணக்குகளைப் பார்க்கும் தம்பி ஒருவர் மூன்று மாதத்தில் ஏழு முறை இப்படித் தவறினார். கண்டிக்கத்தான் நினைத்தேன். அதற்கு முன், ஏழு தாமதங்களையும் ஒரு தாளில் எழுதினேன்: பில்கள் வந்த தேதி, பதிவு முடிந்த தேதி, படிவம் ஏறிய தேதி. ஐந்தில் பில்களே 10ஆம் தேதிக்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. இரண்டில் மட்டும் 4ஆம் தேதியே வந்தும் வேலை நின்றிருந்தது. இதை எழுதாமல் பேசியிருந்தால் ஏழையும் அவர் தலையில் கட்டியிருப்பேன்.

மாலையில், எல்லோரும் போன பிறகு, தாளை அவர் முன் வைத்தேன். "நான் எழுதினதுல தப்பிருந்தா சொல்லுங்க தம்பி. எங்க நிக்குது?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "பெரிய முதலாளிங்ககிட்ட பில் அனுப்புங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமா இருக்கு சார். அந்த ரெண்டுலயும் திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போடணும். எப்படின்னு தெரியல. கேட்கவும் இல்ல."

அன்றிரவே ஒரு பக்கத் திட்டத்தை மெயிலில் அனுப்பினேன். காலம் இரண்டு மாதம். 5ஆம் தேதி, பில் வராதவர்களின் பட்டியலை அவர் எனக்குத் தர வேண்டும். போன் செய்வது என் வேலை. கிரெடிட் நோட் பதிவைச் சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். 8ஆம் தேதி மாலை பத்து நிமிடம் சேர்ந்து பார்ப்போம். 7ஆம் தேதிக்குள் பில் வந்த கணக்குகள் 10ஆம் தேதிக்குள் முடிய வேண்டும். தாமதமாக வந்தவை அவர் தவறாக எண்ணப்படாது. திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னேன். பில் அதிகமுள்ள ஒரு கணக்கை இரண்டு மாதத்துக்கு வேறொருவரிடம் மாற்றக் கேட்டார், அதையும் சேர்த்தேன்.

இப்படி எழுதி அனுப்பும் திட்டத்தில் 'பொறுப்பில்லை', 'சோம்பேறி' போன்ற சொற்களை வைக்கவே கூடாது. தேதியும் வேலையும் மட்டும் போதும். பேச்சில் வந்த வீட்டு நிலைமையையும் நான் எழுதவில்லை. இது எச்சரிக்கைக் கடிதம் அல்ல என்பதையும், உதவி கிடைத்தும் இதே நிலை தொடர்ந்தால் அடுத்து அதுதான் வரும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். பாதியில் சொன்னால் திட்டமே பொறியாகத் தெரியும்.

முதல் மாதம் பட்டியல் 7ஆம் தேதிதான் வந்தது. அதை மெயிலில் பதிவு செய்தேன். கூடவே, நான் இரண்டு பேருக்கு போன் செய்யத் தவறியதையும் எழுதினேன். அடுத்த மாதம் பட்டியல் 5ஆம் தேதி காலை என் மேசையில் இருந்தது.