போட்டோல அளக்குற டேப்ப பாத்து நல்லதா இல்லையான்னு சொல்ல முடியுமா?

மாசத்துக்கு நாலு பேராவது டேப் போட்டோ அனுப்பி "அண்ணே இது ஒரிஜினலா"ன்னு கேக்குறாங்க. நான் பதினஞ்சு வருஷமா கார்பெண்ட்ரி சைட் பாக்குறேன், டப்பா போட்டோவ வச்சு நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன், ஏன்னா மஞ்சள் கலர் ரப்பர் பாடி எவன் வேணா போடலாம்.

நான் கேக்குறது பிளேடு போட்டோ, அதாவது உள்ள இருந்து இழுக்குற கோடு போட்ட பட்டி. டேப்ப இழுத்து தரையில படுக்க வச்சு, மேல இருந்து நேரா, 50 இன்ச் கோடு தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்ப சொல்லுவேன். ஒரு இன்ச் சரியா 25.4 மில்லி, அதனால 50 இன்ச் கோடு 127 செ.மீ. கோட்டுக்கு நேர் எதிரா நிக்கணும், 100 இன்ச் 254-க்கு. ரெண்டு ஸ்கேலும் ஒரே பிளேடுல இருக்கறதால போட்டோ கிட்ட எடுத்தாலும் தூரத்துல எடுத்தாலும் பரவால்ல, சாஞ்சு மட்டும் எடுக்கக் கூடாது.

போன வருஷம் ஒரு தம்பி புது டேப்ல சுவருக்கு சுவர் அளந்து 100 இன்ச்னு எழுதிட்டான். ப்ளைவுட் கடையில அத 254 செ.மீ.ன்னு போட்டு மெஷின்ல கச்சிதமா வெட்டிட்டாங்க, பலகை உள்ள போகல, 4 மில்லி நீளம். அவன் கடைக்காரரோட சண்டைக்கே போயிட்டான். நான் டேப் போட்டோ கேட்டேன். 10 இன்ச்ல வித்தியாசமே தெரியல, 50-ல ரெண்டு மில்லி தள்ளி, 100-ல நாலு. இப்படி போகப் போக கூடுனா ஸ்கேலே தப்பு. எல்லா இடத்துலயும் ஒரே அளவு தள்ளி இருந்தா ஒரு பக்கம் பிரிண்ட் நகந்திருக்கு, அவ்ளோதான்.

அப்புறம் பிளேடு ஆரம்பத்துல ரோமன் எழுத்துல II இருக்கான்னு பாருங்க, அது கிளாஸ் ரெண்டு, 5 மீட்டருக்கு 1.3 மில்லி வரைக்கும்தான் தப்பு வரலாம். III-ன்னா 2.6. ஆனா அந்த II-வையும் சும்மா பிரிண்ட் பண்ணிடலாம், அந்த தம்பி டேப்லயும் இருந்துச்சு!

ரெண்டு ஸ்கேலும் பொருந்தி நின்னா டேப் சரின்னு ஆயிடாது, ரெண்டுமே சேந்து ஒரே மாதிரி நீண்டிருந்தா போட்டோல தெரியாது. அதுக்கு ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வச்சே ஆகணும், 10 செ.மீ. கோட்டுல இருந்து ஆரம்பிச்சா டேப் முனையில ஆடுற கொக்கியால குழப்பம் வராது.

கொக்கி ஆடுதுன்னு திருப்பிக் குடுக்குறவங்க இருக்காங்க, அது ஆடத்தான் வேணும். கொக்கி தகடு எவ்ளோ தடிப்போ அவ்ளோ மட்டும் முன்ன பின்ன நகரணும், அப்பதான் மாட்டி இழுத்தாலும் சுவத்துல முட்டி அளந்தாலும் ஒரே அளவு வரும். பக்கவாட்டுல ஆடுனா ரிவெட் லூஸ். இது போட்டோல பிடிபடாது, கையில பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.